மொழிபெயர்த்த பிடிஎஃப் ஏன் குலைகிறது? மூலக்கோப்பிலிருந்து மீண்டும் கட்டும் முறை

மன்னார்குடியில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினாலே, ஆங்கிலத்தில் உள்ள வேளாண் துண்டறிக்கைகளைத் தமிழில் கேட்டு ஆட்கள் வருவார்கள். நாற்றங்கால் விடுவதற்குள் தாள் உழவர்களின் கைக்குப் போக வேண்டும் என்பதால் எல்லாமே அவசரம். பெரும்பாலும் அவர்கள் கொண்டுவருவது ஒரு பிடிஎஃப் கோப்பு மட்டுமே.

என்னிடம் வேலை பழக வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பிடிஎஃப் கோப்பை நேராகத் திறந்து, ஆங்கில வரியை அழித்துவிட்டு, அங்கேயே தமிழைத் தட்டச்சு செய்கிறார்கள். "அக்கா, ஒரு வரிதானே மாற்றினேன், ஏன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலும், செய்ய வேண்டிய வேலையின் வரிசையும் கீழே. எடுத்துக்காட்டாக, திருந்திய நெல் சாகுபடி பற்றிய நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை நான் மறுபடி கட்டிய விதத்தைச் சொல்கிறேன்.

## 1. முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிடிஎஃப் கோப்பு அச்சான தாளைப் போன்றது. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியும். அந்த எழுத்துகள் சேர்ந்து பத்தியா, தலைப்பா, அட்டவணைக் கட்டமா என்பது பெரும்பாலும் தெரியாது. உள்ளே பார்த்தால் ஒரு வரி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
BT
/F1 11 Tf
72 640 Td
(ADT 43) Tj
ET
```

எஃப்1 என்ற எழுத்துருவை 11 புள்ளி அளவில் எடு. பக்கத்தின் இடது ஓரத்திலிருந்து 72 புள்ளியும் அடியிலிருந்து 640 புள்ளியும் தள்ளி நில். இந்த எழுத்துகளை வரை. இவ்வளவுதான் கட்டளை. 72 புள்ளி என்பது ஓர் அங்குலம். அடுத்த வரிக்கு வேறொரு இடம் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். மேல்வரி நீண்டால் கீழ்வரி நகர வேண்டும் என்ற உறவு அங்கே கிடையாது.

அட்டவணையில் இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நான் கண்ட பக்கமே சாட்சி. நெல் இரகங்களும் அவற்றின் வயதும் இரண்டு நெடுவரிசைகளாக இருந்தன. ஏ.டி.டி. 43-க்கு 110 நாள், ஏ.டி.டி. 38-க்கு 130-135 நாள், சி.ஆர். 1009-க்கு 155-160 நாள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு இரகமும் பருவத்தின் பெயரோடு ஒரே வரியில் அடங்கியது. தமிழில் "ஏ.டி.டி. 43 (குறுவைப் பருவத்துக்கு ஏற்றது)" இரண்டு வரியானது. "ஏ.டி.டி. 38 (தாளடிக்கு ஏற்றது)" மூன்றாம் வரிக்கு இறங்கியது. ஆனால் வலப்பக்கத்து எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மூன்றாம் வரியில் இருந்த எண் 155-160. தாளடிக்குரிய இரகத்துக்கு எதிரே சம்பா இரகத்தின் வயது வந்து உட்கார்ந்துவிட்டது. பார்வைக்குப் பக்கம் அழகாகவே இருந்தது. அச்சுக்குப் போயிருந்தால், அதை நம்பி ஒருவர் அறுவடைக் கணக்குப் போட்டிருப்பார்.

ஆகவே பிடிஎஃப் கோப்பைத் திருத்தப் பார்க்காதீர்கள். அது எந்தக் கோப்பிலிருந்து பிறந்ததோ அந்தக் கோப்புக்குப் போங்கள். அது கிடைக்காவிட்டால் அதற்கு ஈடான ஒன்றை நீங்களே கட்டுங்கள்.

## 2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

லிப்ரே ஆபீஸ் போதும். இலவசம், ரைட்டரில் தமிழ் நன்றாக வருகிறது. அதோடு பிடிஎஃப் கோப்புகளை ஆராய பாப்ளர் என்ற சிறு கருவித்தொகுப்பு வேண்டும். உபுண்டுவில் அதை நிறுவ ஒரே வரி:

```
sudo apt install poppler-utils
```

ஒரு யூனிகோடு தமிழ் எழுத்துருவை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் பயன்படுத்துகிறேன். பாதி வேலையில் எழுத்துருவை மாற்றினால் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் மாறும். வரி முறியும் இடங்கள் எல்லாம் மாறி, சரிபார்த்த பக்கங்களை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மூலப் பிடிஎஃப் கோப்பின் ஒரு பிரதியைத் தாளில் அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒப்பிட அது தேவை.

## 3. மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

"மூலக்கோப்பு இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "அனுப்பியதுதான் அது" என்ற பதில்தான் வரும். என்ன கோப்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்குப் பிடிஎஃப் கோப்பிடமே விசாரிக்கலாம்:

```
pdfinfo leaflet.pdf
```

எனக்கு வந்த விடையில் முக்கியமான இரண்டு வரிகள் இவை:

```
Creator:   Microsoft® Word 2010
Pages:     4
```

ஆக அது வேர்டு கோப்பு. துண்டறிக்கையைக் கொடுத்தவரிடம், "இதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவரின் கணினியில் வேர்டு கோப்பு இருக்கும், அதையும் படங்களையும் தனியே அனுப்பச் சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் வந்துவிட்டது. `Creator` வரியில் இன்டிசைன் என்று இருந்தால் `.idml` கோப்பாகச் சேமித்து, படங்களையும் எழுத்துருக்களையும் சேர்த்துக் கட்டித் தரும்படி கேளுங்கள். பேஜ்மேக்கர் அல்லது கோரல்டிரா என்று இருந்தால், அதை வடிவமைத்த டிடிபி கடையைத்தான் தேடிப் போக வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. இல்லாத மூலத்தைக் கட்டி எழுப்ப அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

## 4. கிடைத்த மூலம் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்

வேர்டு கோப்பு கிடைத்ததும் மொழிபெயர்க்கத் தொடங்கிவிடுவது அடுத்த தவறு. கோப்பை ரைட்டரில் திறந்து Ctrl+F10 அழுத்துங்கள். இடைவெளிகள் புள்ளிகளாகவும், டேப்கள் அம்புக்குறிகளாகவும், பத்தி முடிவுகள் தனிக் குறிகளாகவும் தெரியும்.

என் கோப்பில் அந்த இரக அட்டவணை அட்டவணையே இல்லை. இரகத்தின் பெயருக்குப் பிறகு நான்கு டேப் தட்டி எண்ணைப் போட்டிருந்தார்கள். தலைப்புகள் கையால் தடித்தவை. அடுத்த பக்கத்துக்குத் தள்ள ஒன்பது வெற்றுப் பத்திகள். குறிப்பு ஒன்று, உயரம் பூட்டப்பட்ட பெட்டிக்குள் இருந்தது. இவை எல்லாம் ஆங்கிலச் சொற்களின் நீளத்துக்கு அளந்து வைக்கப்பட்டவை. தமிழ் நுழைந்தவுடன் ஒவ்வொன்றும் இடம் மாறும்.

மூலம் இருந்தும் பக்கம் குலைவது இதனால்தான். திருத்த முடிகிற கோப்பு வேறு, கட்டுக்கோப்பான கோப்பு வேறு.

## 5. எலும்புக்கூட்டை ஆங்கிலத்திலேயே கட்டுங்கள்

இந்தப் படிதான் வழிகாட்டியின் உயிர். தமிழ் ஒரு சொல்கூட நுழைவதற்கு முன், ஆங்கில உரையை வைத்தே கட்டமைப்பை முடித்துவிட வேண்டும். அப்போதுதான் ஏதாவது நகர்ந்தால் அது கட்டமைப்பின் குறையா, மொழியின் நீளமா என்று பிரித்துச் சொல்ல முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எதனால் குலைந்தது என்று தெரியாமல் இரவெல்லாம் உட்கார வேண்டிவரும்.

கோப்பை `.odt` ஆகச் சேமித்துவிட்டு, முழு உரையையும் தேர்ந்தெடுத்து Ctrl+M அழுத்துங்கள். கையால் செய்த அலங்காரம் நீங்கிவிடும். வேண்டுமென்றே தடித்த சொற்களும் சாய்த்த சொற்களும் சேர்ந்து போய்விடும்; அச்சடித்த தாளில் அவற்றை முன்பே கோடிட்டு வையுங்கள்.

பிறகு F11 அழுத்திப் பாணிகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பத்திக்கும் பாணி கொடுங்கள். தலைப்புக்கு `Heading 1`, உட்தலைப்புக்கு `Heading 2`, மற்றதற்கு `Body Text`. இந்த மூன்றே பெரும்பாலான துண்டறிக்கைகளுக்குப் போதும். வெற்றுப் பத்திகளை நீக்கிவிட்டு, அந்த இடைவெளியைப் பாணிக்குள் கொடுங்கள். புதுப்பக்கத்தில் தொடங்க வேண்டிய தலைப்புக்குப் பக்கமுறிவையும் பாணியிலேயே வையுங்கள்.

டேப் தட்டிய வரிகளைத் தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்து இருக்கும் டேப்களை ஒன்றாக்கி, `Table > Convert > Text to Table` கொடுங்கள். இப்போது இரகமும் அதன் வயதும் ஒரே கிடைவரிசையின் இரண்டு கட்டங்கள். பெயர் எத்தனை வரி நீண்டாலும் எண் அதோடு இறங்கும். வரிசையின் உயர அமைப்பில் `Fit to size` குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் இரண்டாம் வரி கட்டத்துக்குள் மறைந்துபோகும், வெட்டுப்பட்டதே தெரியாது. குறிப்புப் பெட்டியையும் ஒற்றைக் கட்ட அட்டவணையாக மாற்றிவிட்டேன். பெட்டியைவிட அது நம்பகமானது.

படங்களை அவை விளக்கும் பத்தியோடு நங்கூரமிடுங்கள். பக்கத்தோடு நங்கூரமிட்டால், உரை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது கோனோவீடர் என்ற களைக்கருவியின் படம் மட்டும் பழைய பக்கத்தில் அநாதையாக நிற்கும்.

## 6. தமிழ் எழுத்துருவைச் சரியான இடத்தில் கொடுங்கள்

பழகுகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பாணியில் எழுத்துருவை மாற்றுவார்கள், ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது. ரைட்டர் தமிழைச் சிக்கல் எழுத்துமுறை என்ற தனி வகுப்பில் வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துருவும் அளவும் தனி.

`Tools > Options > Languages and Locales > General` பகுதியில் `Complex text layout` என்பதை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் பாணியின் எழுத்துருப் பக்கத்தில் மேற்கத்திய எழுத்துகளுக்கும் சிக்கல் எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தெரியும். பின்னதில் நோட்டோ சான்ஸ் தமிழ், 10.5 புள்ளி என்று வைத்தேன். ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் 11 புள்ளி. இரண்டும் வரிக்குள் ஒரே உயரமாகத் தெரியும்வரை மாற்றிப் பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது வேறுபடும்.

வரி இடைவெளியை `Fixed` என்று வைக்காதீர்கள். மேலே ஏறும் "கீ"யின் சுழியும், கீழே இறங்கும் "கூ"வின் வாலும் அதில் வெட்டுப்படும். விகித அளவில் 115 முதல் 120 விழுக்காடு வைத்தால் பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

## 7. இப்போது மொழிபெயர்த்து நிரப்புங்கள்

கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பத்தி பத்தியாக ஆங்கிலத்தை அழித்து அங்கேயே தமிழை இடுங்கள். வேறிடத்திலிருந்து ஒட்டும்போது Ctrl+Alt+Shift+V பயன்படுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும், பழைய அலங்காரம் தொற்றாது.

தமிழ் கூடுதல் இடம் எடுக்கும். இந்தத் துண்டறிக்கை நான்கு பக்கம் தாண்டி ஐந்தாம் பக்கத்தில் பாதிவரை போனது. நடுவில் மடிக்கும் துண்டறிக்கையில் ஐந்து பக்கம் என்று ஒன்று இல்லை. நான்கு, இல்லையேல் எட்டு. உடனே எழுத்தைச் சிறிதாக்கத்தான் கை போகும். கூடாது. கண்ணாடி இல்லாமல் வரப்பில் நின்று படிக்கிறவருக்கு 9 புள்ளித் தமிழ் எட்டாது.

நான் ஓரத்தை 2 சென்டிமீட்டரிலிருந்து 1.5 ஆக்கினேன். முகப்புப் படத்தைச் சிறிதாக்கினேன். அப்போதும் எட்டு வரி மிஞ்சியது. மொழிபெயர்த்தவரோடு உட்கார்ந்து வாக்கியங்களைச் சுருக்கினோம். "நாற்றுகளானவை 14 முதல் 15 நாள்கள் வயதை அடைந்திருக்கும் நிலையில் நடவு செய்யப்பட வேண்டும்" என்பது "14-15 நாள் நாற்றை நடவும்" ஆயிற்று. இடமும் மிஞ்சியது, வாக்கியமும் தமிழாயிற்று.

குறுகிய கட்டங்களில் இருபுறமும் ஒழுங்காக்கும் வரிசையை விட்டு இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "பயிர்ப்பாதுகாப்புக்கு" என்ற ஒற்றைச் சொல் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும்; மேல்வரியின் இரண்டு சொற்களுக்கு நடுவே வாய்க்கால் போல இடைவெளி விழும்.

## 8. மூலம் கிடைக்கவே இல்லையென்றால்

உரையைப் பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்து ஐந்தாம் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆங்கிலம் என்றால் எளிது. `pdftotext -layout` கட்டளை உரையைத் தரும், `pdfimages -all` படங்களைத் தரும். அட்டவணை எண்களை மட்டும் ஒட்டாமல், தாளைப் பார்த்துக் கையால் இடுங்கள்.

பழைய தமிழ்ப் பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. முதலில் `pdffonts leaflet.pdf` என்று கேளுங்கள். `uni` என்ற நெடுவரிசையில் `no` என்றிருந்து, ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால், அது பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பாமினி போன்றவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. அதற்குரிய மாற்றியில் இட்டு யூனிகோடாக்க வேண்டும்.

`yes` என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். யூனிகோடில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. தாளில் அவை முன்னால் வரையப்படுகின்றன. பல பிடிஎஃப் கோப்புகள் வரைந்த வரிசையைத்தான் திருப்பித் தருகின்றன. "வேலை" என்பது "ேவைல" என்று வரும். "இலை" என்பது "இைல" ஆகும். இத்தகையவற்றைத் தேடும் பெட்டியில் `Regular expressions` குறியிட்டுப் பிடிக்கலாம்:

```
(^|[\s\u0B85-\u0B94\u0BBE-\u0BCD])[\u0BBE-\u0BCD]
```

சொல்லின் தொடக்கத்திலோ, உயிரெழுத்துக்குப் பின்னோ, இன்னொரு குறிக்குப் பின்னோ குறி வந்தால் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் "தலை" என்பது "தைல" என்றும், "மழை" என்பது "மைழ" என்றும் மாறினால் இதற்குச் சிக்காது. எழுத்திலக்கணப்படி அவற்றில் பிழையே இல்லை. கண்ணால் படித்துத்தான் பிடிக்க வேண்டும். பிழை மலிந்திருந்தால் திருத்துவதைவிடத் திரும்பத் தட்டச்சு செய்வதே விரைவு. நான்கு பக்கத்துக்கு நான் எப்போதும் தட்டச்சுதான்.

## 9. ஏற்றுமதி, சரிபார்ப்பு

பிடிஎஃப் கோப்பு கடைசியில் பிறக்க வேண்டும். `File > Export As > Export as PDF` பெட்டியில் `Hybrid PDF` என்பதைக் குறியிடுங்கள். திருத்தக்கூடிய கோப்பும் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்த ஆண்டு யாரிடம் இந்தப் பிடிஎஃப் மட்டும் மிஞ்சினாலும், லிப்ரே ஆபீஸில் திறந்தால் மூலம் கிடைக்கும். இதற்காகக் கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

வெளிவந்த கோப்பை மறுபடி `pdffonts` கொண்டு பாருங்கள். `emb` நெடுவரிசையில் எல்லா வரியிலும் `yes` இருக்க வேண்டும். ஒன்றில் `no` இருந்தாலும் அச்சகத்தின் கணினி தன்னிடமுள்ள வேறு எழுத்துருவைப் போட்டுவிடக்கூடும். இதே காரணத்தால் அச்சகத்துக்கு `.odt` கோப்பை அனுப்பாதீர்கள்.

பிறகு ஒரு தாளை 100 விழுக்காட்டு அளவில் அச்சடித்து, ஆங்கிலத் தாளோடு பக்கத்தில் வையுங்கள். எண்களை இருவராகச் சரிபாருங்கள். ஒருவர் ஆங்கிலத் தாளிலிருந்து இரகத்தையும் எண்ணையும் சேர்த்து உரக்கப் படிக்க, மற்றவர் தமிழ்த் தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும். என்னிடம் பழகும் பெண் படித்தாள், நான் விரல் வைத்தேன். 110, 130-135, 155-160. இடைவெளி 25-க்கு 25 சென்டிமீட்டர். ஒரே ஓர் இடத்தில் விரல் நின்றது: எக்டேருக்கு 7-8 கிலோ விதை என்பது தமிழில் ஏக்கருக்கு என்று இருந்தது. அது வடிவமைப்புப் பிழை இல்லை, மொழிபெயர்ப்பில் நேர்ந்தது. ஆனால் இப்படிப் படித்ததால்தான் அகப்பட்டது.

திருத்தத்தை `.odt` கோப்பில் செய்துவிட்டுப் பிடிஎஃப் கோப்பை மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். ஒரு சொல்தானே என்று பிடிஎஃப் கோப்பிலேயே தொட்டுவிட்டால், மூலமும் அச்சும் அந்த நிமிடத்திலிருந்து வேறு வேறு. அடுத்த பதிப்பில் பழைய பிழை திரும்ப வரும்.

`.odt`, படங்கள், எழுத்துரு, கடைசிப் பிடிஎஃப் நான்கையும் ஒரே கோப்புறையில் ஆண்டும் பருவமும் பெயரிட்டு வையுங்கள். துண்டறிக்கையைக் கேட்டவருக்கும் அந்த உறையை அப்படியே கொடுங்கள். எங்களுடையது `2024-kuruvai` என்ற உறையில் இருக்கிறது. சம்பாவுக்கு மறுபதிப்புக் கேட்டபோது, அதைத் திறந்து தேதியையும் ஒரு வரியையும் மாற்றி ஏற்றுமதி செய்யக் கால் மணி நேரம் ஆனது.